'ஆ'வில் முடியும் கேள்விகள்: நாவல் கருத்தரங்கு நடத்தும் தமிழ்த்துறையினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பேராசிரியர்களுக்கும் கருத்தரங்க ஒருங்கிணைப்பாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் உங்களில் ஒரு துறை நடத்திய முழுநாள் நாவல் கருத்தரங்கில் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற துறைகள் எல்லாம் நிம்மதியாகிவிடும்.

எடுத்துக்கொண்ட நாவல் தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்'. நுழைவாயிலிலேயே ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். கலந்துரையாடலுக்கான பத்துக் கேள்விகள் அதில் அச்சாகியிருந்தன. அலங்காரம் செய்தது சரியா? தண்டபாணி கோழையா? அப்பு இந்துவை ஏற்றுக்கொண்டது தர்மமா? இது பெண்ணிய நாவலா? இப்படியே போனது. எண்ணிப் பார்த்தேன். பத்தில் எட்டு 'ஆ'வில் முடிந்தன.

இந்த மடல் உங்கள் கைக்கு வருமுன் நாவலைப் படிக்காதவர்கள் கைக்கும் போகலாம் என்பதால் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். சிறு வயதிலேயே காவிரிக் கரையில் உள்ள வேதபாடசாலைக்கு அனுப்பப்பட்ட அப்பு, படிப்பு முடிந்து சென்னைக்கு வீடு திரும்புகிறான். அங்கே தன் அம்மா அலங்காரத்துக்கும் சிவசு என்பவருக்கும் உள்ள உறவு அவனுக்குத் தெரியவருகிறது. அப்பா தண்டபாணிக்கு அது முன்பே தெரியும், அவர் பேசுவதில்லை. அப்பு பாடசாலைக்கே திரும்பிப் போகிறான். அங்கே பவானியம்மாளின் பராமரிப்பில் இருக்கும் இளம் விதவையான இந்து அவனை விரும்புகிறாள். கடைசியில் அம்மா அங்கே வருகிறாள். அங்கிருந்து காசிக்குப் போகிறாள்.

முதல் கேள்வியை நெறியாளர் வாசித்ததும் அரங்கம் கலகலப்பானது, மறுக்கவில்லை. சரி என்று நால்வர், தவறு என்று ஆறு பேர், 'காலத்தை வைத்துப் பார்க்க வேண்டும்' என்று நடுவில் ஒருவர். கைதட்டல் இருந்தது. ஒருவர் திருக்குறள் சொன்னார். இன்னொருவர் தன் பாட்டியைப் பற்றிச் சொன்னார். ஆனால் அந்த இருபது நிமிடத்தில் ஒரே ஒரு ஆள்கூடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த வரிசையின் மேசையில் துறை வாங்கி வைத்திருந்த புதுப் பிரதிகள் அடுக்கியிருந்தன. மாலையிலும் அவற்றின் முதுகில் ஒரு மடிப்பு விழவில்லை. நாவலின் சுருக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தவரும் அந்த விவாதத்தில் வெற்றி பெற்றிருக்க முடியும். ஒருவர் பெற்றார் என்றே நினைக்கிறேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "தண்டபாணிக்கு வேலையே ப்ரூஃப் பார்ப்பதுதானே ஐயா? ஊரார் எழுத்தில் இருக்கிற பிழையைத் திருத்துகிறவர்..." என்று ஆரம்பித்தார். நெறியாளர் அன்பாகத்தான் இடைமறித்தார். "நல்லது அம்மா. ஆனால் கேள்வி அது இல்லை. அலங்காரம் செய்தது சரியா, தவறா? அதைச் சொல்லு." மாணவி ஒரு கணம் நின்றார். "தவறுதான் ஐயா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்கச் சொல்லப்பட்டவற்றில் நாவலுக்குள்ளிருந்து வந்த ஒரே வாக்கியம் அவர் முதலில் ஆரம்பித்து முடிக்காமல் விட்டதுதான். அதைக் கொன்றது நெறியாளர் அல்ல, தாளில் இருந்த கேள்வி. அதனால்தான் இந்த மடல்.

இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. பட்டிமன்றத்திலிருந்து வந்தது. பட்டிமன்றத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பொங்கல் காலையில் நானும் பார்க்கிறவன்தான். அங்கே இரண்டு அணி வேண்டும், நடுவர் வேண்டும், தீர்ப்பு வேண்டும். கேள்வி இரண்டாகப் பிளந்தால்தான் மேடை நிறையும். கருத்தரங்குக்குத் தீர்ப்பு தேவையில்லை. ஆனாலும் தலைப்பை எழுதும்போது நம் கை பழகிய தடத்திலேயே போய்விடுகிறது.

ஒரு வகையில் தமிழில் இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விக்கு நம் மொழி வாலில் ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. 'எ யா முதலும் ஆ ஓ ஈற்றும்' என்று நன்னூல் வினா எழுத்துகளைப் பிரிப்பதை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். எந்த, எப்படி, யார் என்று வினா முதலில் வந்தால் பதில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். 'ஆ' ஈற்றில் வந்தால் கதவு இரண்டுதான். 'அப்பு தேர்ந்தெடுத்தது இந்துவையா, வேதத்தையா?' என்று இரண்டு 'ஆ' போட்டாலும் கதவு கூடிவிடுவதில்லை. அது ஐயவினா, தூரத்தில் தெரிவது குற்றியோ மகனோ என்று கேட்பதற்குப் பொருத்தமானது. அப்பு விஷயத்தில் அது தவறான கேள்வியும்கூட. அவன் திரும்பிப் போகும் இடத்தில் இந்துவும் இருக்கிறாள், பாடசாலையும் இருக்கிறது. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதுதான் அந்த நாவலின் சங்கடம். கேள்வி அந்தச் சங்கடத்தை நடுவில் வெட்டி, ஆளுக்கு ஒரு பாதியைக் கொடுத்துவிடுகிறது.

அதே நன்னூல் விடை எட்டு வகை என்கிறது. 'இது செய்வாயா?' என்று கேட்டால் செய்யேன் என்பது மறை, செய்வேன் என்பது நேர். அவை இரண்டு போக இன்னும் ஆறு இருக்கின்றன. 'உடம்பு நொந்தது' என்று நடந்ததைச் சொல்லலாம், அது உற்றதுரைத்தல். 'வேறொன்று செய்வேன்' என்று பக்கத்துக்கு நகரலாம், அது இனமொழி. அந்த மாணவி சொன்னது அசல் இனமொழி விடை. அலங்காரத்தைக் கேட்டபோது தண்டபாணியைக் காட்டினார். பவணந்தி முனிவர் நெறியாளராக இருந்திருந்தால் அவரைப் பேசவிட்டிருப்பார்.

சரி, 'ஆ'வை வெட்டிவிட்டு 'ஏன்' போட்டால் போதுமா? போதாது. அன்றைய தாளில் மிச்சமிருந்த இரண்டு கேள்விகளில் ஒன்று இது: 'அலங்காரம் அப்புவை ஏன் வேதபாடசாலைக்கு அனுப்பினாள்?' பார்வைக்குத் திறந்த கேள்வி. உண்மையில் ஒரு சொல்லில் முடிவது: பிராயச்சித்தம். மகன் பெரிய வைதிகனாக வந்தால் அவன் காலில் விழுந்து தன் பாவத்தைக் கரைத்துக்கொள்ளலாம் என்று நினைத்ததாகக் கடைசியில் அலங்காரமே சொல்கிறாள். புத்தகம் நேரடியாகத் தந்துவிட்ட பதிலைத் திரும்பக் கேட்டால் அது இரண்டு மதிப்பெண் வினா. யாரோ ஒருவர் சொல்லிவிடுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், நெறியாளர் அடுத்த கேள்விக்குப் போவார்.

இதைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த வழி, அந்தப் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிடுவது. 'மகனைப் பாடசாலைக்கு அனுப்பியது பிராயச்சித்தம் என்று அலங்காரமே விளக்கம் சொல்கிறாள். அந்த விளக்கத்தை நாவலின் எந்த இடங்கள் தாங்குகின்றன, எந்த இடங்கள் தாங்க மறுக்கின்றன?' இப்போது பிராயச்சித்தம் என்பது விடை இல்லை, தொடக்கம். தன் தவறைக் கழுவ இன்னொருவனின் பிள்ளைப் பருவத்தை எடுத்துக்கொள்ளலாமோ என்று ஒருவர் கோபப்படலாம். பாவம் என்று அவளே சொல்கிறவள் அந்த உறவை விடவில்லையே, அப்படியானால் அந்தச் சொல்லுக்கு அவள் என்ன பொருள் வைத்திருக்கிறாள் என்று இன்னொருவர் கேட்கலாம். இருவரும் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும்.

இனி முதல் கேள்வியையே எடுத்துக்கொண்டு, அதை எப்படித் திருத்தினேன் என்று படிப்படியாகச் சொல்கிறேன். கருத்தரங்கு முடிந்து பஸ்ஸில் வரும்போது அந்தத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியது இது. ஒரே தடவையில் வரவில்லை.

முதலில் 'அலங்காரத்தை எப்படி மதிப்பிடுகிறீர்கள்?' என்று எழுதினேன். எழுதி முடிக்கும்போதே உறைத்துவிட்டது. இதற்கும் சரி, தவறு என்றுதான் பதில் வரும், கொஞ்சம் நீளமாக வரும். 'மதிப்பிடு' என்ற சொல்லே கையில் தராசைக் கொடுத்துவிடுகிறது. அடித்தேன்.

அடுத்து 'அலங்காரத்தை ஆணாதிக்கச் சமூகம் எவ்வாறு ஒடுக்கியது?' என்று எழுதினேன். இதில் 'ஆ' இல்லை, 'எவ்வாறு' இருக்கிறது, கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் ஒடுக்கியது என்ற தீர்ப்பை நானே எழுதிவிட்டு உதாரணங்களை மட்டும் மாணவர்களிடம் கேட்கிறேன். அந்த வீட்டில் அலங்காரத்தின் கம்பீரத்துக்கு முன்னால் தண்டபாணிதான் சிறுத்துத் தெரிகிறார். அதைக் கவனித்த மாணவர் இந்தக் கேள்வியிடம் எங்கே போய் நிற்பார்? இப்படிப்பட்ட கேள்விகள்தான் 'ஆ' கேள்விகளைவிட ஆபத்தானவை. அவற்றில் ஆம் மட்டும்தான் உண்டு. இல்லை என்று சொல்லும் வசதிகூடக் கிடையாது. ஆய்வுக்கட்டுரைத் தலைப்புகளில் இவை மலிந்து கிடப்பது உங்களுக்கே தெரியும். அதையும் அடித்தேன்.

மூன்றாவது முறை வேறு பக்கமாக யோசித்தேன். சரி என்கிறவர் எந்தப் பக்கத்தைக் காட்டுவார்? தவறு என்கிறவர் எந்தப் பக்கத்தைக் காட்டுவார்? தவறு என்கிறவர் அப்பு உடைந்துபோகும் இடத்தைக் காட்டுவார். சரி என்கிறவருக்குக் காட்டப் பக்கம் கிடைப்பது கஷ்டம். ஏனென்றால் அலங்காரம் தன் பக்க நியாயத்தை அடுக்கிப் பேசுகிறவள் இல்லை. நாவல் பெரும்பாலும் அப்புவை ஒட்டி நடக்கிறது. இடையில் தண்டபாணியின் மனத்துக்குள்ளும் போகிறது. அலங்காரத்தை நாம் பெரும்பாலும் அவர்களுடைய கண்ணால்தான் பார்க்கிறோம். ஆக, இரண்டு அணியும் சண்டை போட்டது அலங்காரத்தைப் பற்றி அல்ல, மற்றவர்கள் கண்ணில் பட்ட அலங்காரத்தைப் பற்றி. கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று தோன்றியது. கடைசியாக எழுதியது இது:

'அலங்காரத்தைத் தண்டபாணி பார்க்கும் ஓரிடத்தையும் அப்பு பார்க்கும் ஓரிடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கண்ணில் படுவது மற்றவர் கண்ணுக்கு எப்படித் தப்புகிறது?'

இது நல்ல கேள்விதானா என்று பார்க்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கேள்வியை எழுதியவரே அதற்கு மூன்று வெவ்வேறு விடைகளை எழுதிப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று மோத வேண்டும். மூன்றையும் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு நிறுவ முடிய வேண்டும். இந்தக் கேள்விக்கு எழுதிப் பார்த்தேன். ஒன்று: தண்டபாணிக்கு அந்த உண்மை பல வருடங்களாகப் பழகிய வலி, அப்புவுக்கு அது அன்று காலையில் விழுந்த அடி, அதனால் இருவரும் பார்ப்பது ஒரே பெண்ணை அல்ல. இரண்டு: கணவர் அவளைத் தனி ஆளாகப் பார்க்கப் பழகிவிட்டார், மகனுக்கோ அம்மா என்ற சொல் மறைக்கிறது, உண்மையில் அவளைக் கண்டவர் பேசாமல் இருந்தவர்தான். மூன்று: இருவருமே அவளைப் பார்க்கவில்லை, தங்கள் காயத்தைத்தான் பார்க்கிறார்கள், ஆசிரியரும் அவள் மனத்தைத் திறந்து காட்டவில்லை, அது இந்த நாவலின் குறை. மூன்றாவது விடை ஜானகிராமனோடேயே சண்டைக்குப் போகிறது. போகட்டும். பத்து வருடம் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு வானொலியில் கல்வி நிகழ்ச்சிகளைக் கவனித்தவர் அவர். இதைத் தாங்கிக்கொள்வார்.

'அலங்காரம் செய்தது சரியா?' என்ற கேள்விக்கு இதே சோதனையை வைத்துப் பாருங்கள். மூன்றாவது விடை எழுத வராது. வந்தால் அது 'சூழ்நிலையைப் பொறுத்தது' என்றுதான் இருக்கும்.

மறுபக்கத்துப் பள்ளத்தையும் சொல்ல வேண்டும். தாளில் பத்தாவது கேள்வி 'இந்நாவல் பற்றிய உங்கள் கருத்து என்ன?' என்பது. முழுக்கத் திறந்த கேள்வி, நியாயப்படி அரங்கம் பொங்கியிருக்க வேண்டும். ஒருவர் 'அருமையான நாவல்' என்றார். பிறகு மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. நான்கு சுவரும் இல்லாத இடத்தில் மாணவர் எந்தப் பக்கம் நடப்பார்? கேள்விக்கு ஒரு கைப்பிடி வேண்டும்: ஒரு காட்சி, ஒரு பொருள், ஒரு சொல், திரும்பத் திரும்ப வரும் ஒரு செயல். கைப்பிடி சிறிதாக இருக்க இருக்கப் பேச்சு ஆழமாகப் போகிறது என்பது என் அனுபவம். ப்ரூஃப் பார்க்கும் வேலை என்பது அப்படியொரு கைப்பிடி. அந்த மாணவி அதைத் தானாகவே கண்டுபிடித்திருந்தார்.

மூடிய கேள்விகளை ஒட்டுமொத்தமாக ஒழித்துவிடச் சொல்லவில்லை. அமர்வின் முதல் ஐந்து நிமிடத்துக்கு அவை நல்லவை. தண்டபாணிக்கு விஷயம் தெரியுமா? தெரியும். பாடசாலை எங்கே இருக்கிறது? காவிரிக் கரையில். யார் யார் படித்திருக்கிறார்கள், யார் சுருக்கத்தோடு வந்திருக்கிறார்கள் என்று நெறியாளருக்கு அதிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் 'தெரியுமா' என்ற இடத்திலேயே நின்றால்தான் தகராறு. 'தெரிந்தும் பேசாத அந்த வருடங்களை அவர் எந்த எந்த வேலைகளால் நிரப்பிக்கொள்கிறார்?' என்று அடுத்த அடியை வைத்துவிட்டால் முதல் கேள்வி படிக்கட்டாகிவிடுகிறது.

கேள்வியை நன்றாக எழுதிவிட்டு, கேட்டவுடன் நெறியாளரே பதிலையும் சொல்லிவிடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. மௌனம் நமக்குத் தாங்குவதில்லை. 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடிதான் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோதே மாணவர்களின் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். அது சிறுவர்களின் அறிவியல் வகுப்பு. நாவலில் ஒரு பக்கத்தைத் தேடி எடுக்க மூன்று விநாடி எங்கே போதும்? ஒரு நிமிடம் கொடுங்கள். தாள் புரளும் சத்தம் கேட்டால் கேள்வி வேலை செய்கிறது என்று பொருள். அந்தச் சத்தம் கேட்காமல் கைகள் மட்டும் படபடவென்று உயர்ந்தால், பட்டிமன்றம் திரும்பி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

யாராவது உணர்ச்சிவசப்பட்டு 'அவள் செய்தது தவறுதான்' என்று சொல்வதைத் தடுக்கவும் வேண்டாம். மனிதர்கள் அப்படித்தான் படிக்கிறார்கள். 'எந்த இடத்தில் அப்படித் தோன்றியது?' என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அவர் கையில் ஓர் இடம் இருக்கும். அதை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடிக்கும்போது அவரே கொஞ்சம் தயங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எண்ணிக்கையையும் குறையுங்கள். ஒன்றரை மணி நேர அமர்வுக்குப் பத்துக் கேள்வி என்பது ஒரு கேள்விக்கு ஒன்பது நிமிடம். 'ஆ' கேள்விக்கு அது தாராளம். நான் சொல்லும் கேள்விக்குப் பக்கத்தைத் தேடவே போய்விடும். இரண்டு போதும், மூன்றாவதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். கேள்விகளை ஒரு வாரம் முன்பே மாணவர்கள் கையில் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. அப்போது புத்தகத்தில் பென்சில் கோடுகளோடு வருவார்கள்.

இந்த நாவலை மறுபடியும் எடுப்பீர்களானால் தலைப்பை வைத்தே ஓர் அமர்வு நடத்தலாம். 1972இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 'தி சின்ஸ் ஆஃப் அப்புஸ் மதர்' என்று பெயர் வைத்தார்கள். அப்புவின் அம்மா செய்த பாவங்கள். அட்டையிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. உங்கள் முதல் கேள்விக்கு அங்கே பதில் கிடைத்துவிடுகிறது. ஜானகிராமன் வைத்த பெயரில் அம்மா இருக்கிறாள், ஒரு வினைச்சொல் இருக்கிறது, அவ்வளவுதான். எங்கே வந்தாள், யாரிடம் வந்தாள், எதற்காக வந்தாள் என்று எதுவும் இல்லை. வருகிறவள் வந்த வழியே வீடு திரும்பாமல் காசிக்குப் போகிறாள் என்பதையும் சேர்த்துக்கொண்டு, 'இந்த நாவலுக்கு ஏன் போனாள் என்று பெயர் வரவில்லை?' என்று கேட்டுப் பாருங்கள். இதில் 'ஏன்' இருக்கிறது, ஆனால் புத்தகத்தில் எங்கும் பதில் எழுதிவைக்கப்படவில்லை. மூன்று விடைச் சோதனையையும் தாண்டுகிறது. ஐந்துகூட எழுதினேன்.

கடைசியாக ஒரு விண்ணப்பம், இது அந்த ஒரு துறைக்கு மட்டும். அந்த மாணவி ஜன்னல் ஓரம், கடைசிக்கு முந்தைய வரிசையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த கூட்டத்தில் அவரைக் கூப்பிட்டு, பாதியில் நின்ற அந்த வாக்கியத்தை முடிக்கச் சொல்லுங்கள். முடித்ததும் அரங்கத்திடம் இதைக் கேளுங்கள்: 'அச்சுப் பிழைகளைத் தவறவிடக் கூடாத வேலையில் இருக்கிற தண்டபாணி, வீட்டில் எவற்றைப் பார்த்தும் குறிக்காமல் கடந்து போகிறார்?'

அன்புடன்,
பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு வாசகன்